மீண்டும் முயற்சிக்கவும்

பணம் அனுப்பும் செயலியை முதன்முதலாகப் போனில் ஏற்றிய பலர் இந்த வாசகத்தைப் பார்த்திருப்பார்கள்: “ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயற்சிக்கவும்.” என்ன தவறு என்று முதல் வரி சொல்வதில்லை. அதே காரியத்தை இன்னொரு தடவை செய்தால் ஏன் வேறு முடிவு வரும் என்று இரண்டாவது வரியும் சொல்வதில்லை. இந்த வாசகம் திரைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. அங்கே அது ஒரு சிவப்பு அம்புக்குறி. ஒரு கட்டத்திலிருந்து கிளம்பி, அரைவட்டம் போட்டு, கிளம்பின கட்டத்துக்கே திரும்பி வந்து குத்தும். அதை வரைய இரண்டு விநாடி போதும்.

அப்படிப்பட்ட படங்களை வரைவது என் வேலை. யூசர் ஃப்ளோ என்று சொல்வோம். பயனர் எந்தத் திரையில் தொடங்குகிறார், எங்கே எதைத் தேர்ந்தெடுக்கிறார், எங்கே போய்ச் சேர்கிறார் என்பதைக் கட்டங்களாகவும் அம்புகளாகவும் போட்டுக் காட்டுவது. செவ்வகம் என்றால் ஒரு திரை. சாய்சதுரம் என்றால் ஒரு கேள்வி, அதிலிருந்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு அம்புகள் வெளியே வரும். நீள்வட்டம் என்றால் தொடக்கம் அல்லது முடிவு. ராஜபாளையத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, வேறு ஊர்க் கம்பெனிகளுக்கு இதை வரைந்து அனுப்புகிறேன்.

யுபிஐ செயலியில் பதிவு செய்வதற்கான படம், நல்ல நாளில் நல்ல நேரத்தில், ஒரே நேர்கோடாக இருக்கும். மொழியைத் தேர்ந்தெடு. சிம்மைத் தேர்ந்தெடு. போன் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியைத் தேர்ந்தெடு. உன் கணக்கு திரையில் வரும். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களையும் காலாவதித் தேதியையும் போடு. ஓடிபி வரும். யுபிஐ பின் வை. முடிந்தது. ஒன்பது கட்டம், எட்டு அம்பு. எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு நிமிட வேலை.

அந்த நேர்கோட்டை யாரும் வரைந்துவிடலாம். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் பக்கவாட்டில் பிரியும் பிழைப் பாதைகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் பூ விற்கும் என் சித்தியின் போனை வைத்துச் சொல்வது எளிது. இந்தப் படத்தில் விழக்கூடிய குழிகளில் முக்கால்வாசி அந்த ஒரே போனில் இருந்தன.

சித்தி ஆண்டாள் கோயிலுக்குப் போகிற தெருவில் உட்கார்ந்து பூ விற்கிறார். மல்லி, கதம்பம், துளசி. தட்டிக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை நிற்கும். அது திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகனுடைய கணக்கு. வருகிறவர்கள் ஸ்கேன் செய்துவிட்டுப் போன் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள், சித்தி தலையாட்டுவார். பணம் வந்ததா என்று அவருக்குத் தெரியாது. வாரக் கடைசியில் மகன் கணக்குச் சொல்லி அனுப்பிவைப்பான். சில வாரம் அனுப்புவான், சில வாரம் “அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்மா” என்பான்.

“பூ என் கையில இருந்து போகுது, காசு அவன் போனுக்குப் போகுது. நான் யாரு நடுவுல?” என்றார் சித்தி ஒருநாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலையில் பூ மார்க்கெட்டில் பூ எடுக்க ரொக்கம் வேண்டும். முன்தினம் விற்ற காசில் பாதி திருப்பூரில் கிடக்கும். தன் பெயரில் ஒரு க்யூஆர் வேண்டும், அவ்வளவுதான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். சித்தி செயலியோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் அம்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் குழி எஸ்எம்எஸ்.

இந்தப் படியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மற்ற செயலிகளில் நாம் நம்பரைத் தட்டச்சு செய்வோம், நமக்கு ஓடிபி வரும். யுபிஐயில் திசை தலைகீழ். நம் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். அதில் புரியாத எழுத்துகளால் ஆன ஒரு ரகசியக் குறி இருக்கும். மறுமுனையில் இருக்கும் சர்வர் அந்தக் குறியையும், அது எந்த நம்பரிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும். நம்பரைச் சொல்வது நாமல்ல, செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க். உங்கள் நம்பரை எவன் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால் அந்த சிம் அவன் கையில் இருக்க வேண்டும். இந்த சிம், இந்தப் போன், இந்தச் செயலி, மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதற்குத்தான் இந்தப் படி. டிவைஸ் பைண்டிங் என்பார்கள்.

சித்தியின் போனில் திரை சுற்றியது, சுற்றியது, “சரிபார்ப்பு தோல்வி. மீண்டும் முயற்சிக்கவும்” என்றது. அவர் மீண்டும் முயன்றார். நான்கு தடவை.

அந்த ஒரே வாசகத்துக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்பச் செயலிக்கு அனுமதி தரப்படவில்லை. இரண்டு, அனுமதி இருக்கிறது, ஆனால் எஸ்எம்எஸ் போனைவிட்டே கிளம்பவில்லை. மூன்று, கிளம்பிவிட்டது, மறுமுனைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நான்கு, போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் வேறு சிம்மிலிருந்து போயிருக்கிறது. இந்த நான்கில் மூன்றாவதற்கு மட்டும்தான் ‘கொஞ்சம் பொறுத்து மீண்டும் முயற்சி’ என்பது சரியான பதில்.

நான்கையும் செயலியால் பிரித்தறிய முடியுமா? பெரும்பாலும் முடியும். அனுமதி உண்டா இல்லையா என்பதை ஆண்ட்ராய்டிடம் எப்போது கேட்டாலும் சொல்லும். எஸ்எம்எஸ் அனுப்பியதும் அது போனைவிட்டுக் கிளம்பியதா இல்லையா என்று ஒரு பதிலும் செயலிக்குத் திரும்பி வரும். `RESULT_OK` என்றால் கிளம்பிவிட்டது. `RESULT_ERROR_NO_SERVICE` என்றால் சிக்னல் இல்லை. `RESULT_ERROR_GENERIC_FAILURE` என்றால் ஏதோ ஒரு காரணத்தால் போகவில்லை, பேலன்ஸ் இல்லாதபோது வழக்கமாக வருவது இதுதான். ஆகவே படத்தில் ‘சரிபார்ப்பு வெற்றியா?’ என்ற ஒற்றைச் சாய்சதுரம் போதாது. ‘அனுமதி இருக்கிறதா?’, ‘எஸ்எம்எஸ் கிளம்பியதா?’, ‘சர்வருக்கு வந்து சேர்ந்ததா?’ என்று மூன்று வேண்டும். ஒவ்வொன்றின் ‘இல்லை’யும் வேறு வேறு திரைக்குப் போக வேண்டும்.

சித்தியின் போனில் சிக்கல் இரண்டாவது கேள்வியில். குறைந்த விலையில் நாள் நீட்டிக்கிற ரீசார்ஜ் ஒன்றைப் போட்டிருந்தார். அதில் போன் பேசலாம், எஸ்எம்எஸ் கிடையாது. மெயின் பேலன்ஸ் பூஜ்யம். பேக் இல்லாதவர்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் ஒன்றரை ரூபாய் வரை ஆகும். அந்த ஒன்றரை ரூபாய் சிம்மில் இல்லாததால் ஒரு வங்கிக் கணக்கின் கதவு திறக்கவில்லை. பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டதும் எஸ்எம்எஸ் போய்விட்டது.

இங்கே படம் வரைபவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சில செயலிகள் எஸ்எம்எஸ் போகாவிட்டால் பின்னணியில் தானாகவே இரண்டு மூன்று தடவை அனுப்பிப் பார்க்கும். ஊரில் பெரும்பாலோர் கையில் இருக்கும் மாதாந்திர பேக்கில் அது இலவசம், யாருக்கும் தெரியாது. சித்தி மாதிரி பேலன்ஸிலிருந்து அனுப்புகிறவருக்கு ஒவ்வொரு தானியங்கி முயற்சியும் ஒன்றரை ரூபாய். மூன்று முயற்சி நாலரை ரூபாய். எனவே அந்த அம்பின் மேல் நான் எழுதிய குறிப்பு: ‘தானாக ஒரு முறைக்கு மேல் அனுப்பாதே. அடுத்ததற்கு அவரிடம் கேள். எஸ்எம்எஸ் கட்டணம் பிடிக்கும் என்று சொல்.’

அனுமதி விஷயத்திலும் இப்படி ஒரு பொறி உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு அனுமதியை இரண்டு தடவை மறுத்துவிட்டால் மூன்றாவது தடவை அந்தக் கேள்விப் பெட்டியே வராது. செயலி கேட்கும், போன் காட்டாமலே ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடும். “எஸ்எம்எஸ் படிக்கவான்னு எது கேட்டாலும் வேணாம்னு குடு” என்று பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நல்ல அறிவுரைதான். அப்படி இரண்டு தடவை ‘வேணாம்’ கொடுத்த போனில் ‘மீண்டும் முயற்சி’ பொத்தானை நூறு தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அந்த அம்பு போனின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து திரும்ப வேண்டும். அதற்கும் முன்னால், கேள்விப் பெட்டி முதல் தடவை வருவதற்கு முந்தைய திரையிலேயே, எதற்காகக் கேட்கிறோம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது காரணம், தவறான சிம். சித்தியின் போனில் இரண்டு சிம். ஒன்று அவருடையது, இன்னொன்று மகன் விட்டுவிட்டுப் போன பழைய நம்பர். திரையில் ‘சிம் 1’, ‘சிம் 2’ என்று மட்டும் வந்தது. எது எந்த நம்பர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நம்பர் தெரியாவிட்டால் நெட்வொர்க் பெயரையாவது காட்ட வேண்டும். சரிபார்த்து முடித்ததும் “இந்த நம்பர் உறுதியானது” என்று பத்து இலக்கத்தையும் காட்டி, “இது உங்கள் நம்பரா?” என்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு கேள்வி போட்டால், அடுத்த குழியில் விழுகிறவர்களில் ஒரு பகுதியினர் தப்பிவிடுவார்கள்.

அடுத்த குழி கணக்குப் பட்டியல். இதுதான் ஆழமானது.

நம்பர் உறுதியானதும் செயலி வங்கியிடம் கேட்கும்: இந்த நம்பரில் உங்களிடம் கணக்கு இருக்கிறதா? இருந்தால் பட்டியல் வரும். சித்திக்கு வந்தது “கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.”

“பாஸ்புக்கு என் கையில இருக்கு. எப்படி கிடைக்கலங்குது?” என்று பாஸ்புக்கை எடுத்துப் போனுக்கு நேரே காட்டினார்.

கணக்கு இருந்தது. 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் தொடங்கிய சமயத்தில் தெருவோடு போய்த் திறந்த கணக்கு. அப்போது சித்தியிடம் போன் கிடையாது. படிவத்தில் நம்பர் கேட்டார்கள், மகன் நம்பரைக் கொடுத்தார். வங்கியைப் பொறுத்தவரை இத்தனை வருஷமாக அந்தக் கணக்கோடு பேசும் வாய் மகனுடைய போன்தான். யுபிஐ உலகில் உங்கள் பெயரோ பாஸ்புக்கோ கையெழுத்தோ உங்களை அடையாளம் காட்டாது. வங்கியில் எழுதிவைத்த நம்பர்தான் நீங்கள்.

‘கணக்குக் கிடைக்கவில்லை’ என்ற சாய்சதுரத்திலிருந்து மூன்று அம்புகள் பிரிய வேண்டும். தவறான வங்கியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்படியென்றால் வங்கிப் பட்டியலுக்குத் திரும்பு. தவறான சிம்மாக இருக்கலாம். அப்படியென்றால் சிம் திரைக்குத் திரும்பு. இரண்டும் செயலிக்குள்ளேயே தீரும். மூன்றாவது, வங்கியில் வேறு நம்பர் இருக்கிறது. இது செயலிக்குள் தீராது. மீண்டும் முயற்சிப்பதில் எந்தப் பொருளும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் நாளைக்குக் கேட்டாலும் வங்கி அதே பதிலைத்தான் சொல்லும்.

வீணாகச் சுற்றும் இந்த அம்பு சித்தியை மட்டும் களைக்க வைப்பதில்லை, மறுமுனையில் இருக்கிற கணினிகளையும்தான். யுபிஐயை நடத்தும் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் 2025 ஆகஸ்டிலிருந்து இதற்கு ஒரு வரம்பு போட்டது. கணக்குப் பட்டியலை ஒரு செயலியில் ஒரு பயனருக்காக ஒரு நாளைக்கு 25 தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. வங்கியைப் பயனர் தேர்ந்தெடுத்த பிறகே கேட்க வேண்டும். தோற்றால் பயனரின் சம்மதம் இல்லாமல் மறுபடி கேட்கக் கூடாது. இரண்டு விநாடியில் வரைந்த அம்புக்கு இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

“கணக்கு நம்பரைத்தான் பாஸ்புக்ல பாத்துச் சொல்றேனே, அதை அடிச்சா திறக்காதா?” என்றார் சித்தி. நியாயமான கேள்வி. திறக்காது, திறக்கவும் கூடாது. கணக்கு நம்பரைத் தட்டினாலே திறக்கும் என்றால் அவர் பாஸ்புக்கை ஒரு நிமிஷம் பார்த்த எவனும் திறந்துவிடுவான். “உங்கள் கணக்கில் இன்னார் நம்பர் இருக்கிறது” என்றும் செயலியால் சொல்ல முடியாது. கேட்ட நம்பரில் கணக்கு இல்லை என்பதைத் தவிர வங்கி வேறெதுவும் அதனிடம் சொல்வதில்லை. பிழைத் திரை எல்லாவற்றையும் விளக்கினால் நல்லது என்று சொல்வோம், ஆனால் திருடனும் அதே திரையைத்தான் படிப்பான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

ஆக, மூன்றாவது அம்பு செயலியைவிட்டு வெளியே போகிறது. வங்கிக் கிளைக்கு. பல படங்களில் இந்த இடத்தில் ஒரு நீள்வட்டம் போட்டு ‘வங்கியைத் தொடர்புகொள்ளவும்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். பயனருக்கு அது முடிவல்ல. எந்த நாளில், எதை எடுத்துக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்பது அங்கேதான் தொடங்குகிறது. நான் அந்தப் பாதையைப் புள்ளிக்கோட்டில் தொடர்ந்து வரைந்தேன். கணக்கு வைத்திருக்கும் கிளைக்குப் போ. பாஸ்புக், ஆதார் எடுத்துக்கொள். ‘மொபைல் நம்பர் மாற்றும் படிவம்’ என்று கேள். அந்தச் சொற்களைத் திரையிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும், கவுன்ட்டரில் போனை அப்படியே காட்டலாம். நம்பர் மாற எடுக்கும் நேரம் வங்கிக்கு வங்கி வேறுபடும். மாறிவிட்டது என்று வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்த பிறகு செயலியைத் திற.

திறந்தால் எந்தத் திரை வர வேண்டும்? முதல் திரை அல்ல. அதே போன், அதே சிம், செயலியை நீக்கவில்லை என்றால் அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது. மொழி தெரியும், வங்கி தெரியும். நேராக “நம்பர் மாற்றிவிட்டீர்களா?” என்ற ஒரே கேள்வி. ஆம் என்றால் பட்டியல். இந்தத் திரும்பு புள்ளி படத்தில் இல்லாவிட்டால் சித்தி மறுபடி மொழியிலிருந்து தொடங்க வேண்டும், மறுபடி எஸ்எம்எஸ், மறுபடி ஒன்றரை ரூபாய்.

வங்கியில் வேறொரு வகைச் சிக்கலும் காத்திருக்கலாம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி தறியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி. இருவருக்கும் ஒரே வங்கியில் தனித்தனிக் கணக்கு, வீட்டில் ஒரே போன், இரண்டு கணக்கிலும் ஒரே நம்பர். ஒரு நம்பர் இரண்டு வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமாக இருந்தால் எது யார் என்று வங்கியால் பிரிக்க முடியாது. யுபிஐயில் இதற்கு BR என்று ஒரு தனிக் குறியீடே உண்டு. அந்தக் குறியீடு செயலிக்கு வந்து சேர்கிறது. திரையில் தெரிந்ததோ “தொழில்நுட்பக் கோளாறு”. கோளாறு எதிலும் இல்லை. “இந்த நம்பர் ஒரே வங்கியில் இரண்டு பேருக்குப் பதிவாகியிருக்கிறது, ஒருவருக்கு வேறு நம்பர் கொடுங்கள்” என்று சொன்னால் அவர்கள் இன்னொரு சிம் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போயிருப்பார்கள். ‘தொழில்நுட்பம்’ என்று படித்ததும் போனை எடுத்துக்கொண்டு செல்போன் கடைக்குப் போனார்கள்.

எனக்கு இந்த வேலையில் பயம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான். திசை தெரியாத ஒவ்வொரு பிழைத் திரையும் போனை இன்னொருவர் கைக்கு அனுப்புகிறது. கடைப் பையன் நல்லவனாக இருக்கலாம். “நான் போட்டுத் தர்றேன்க்கா, நாலு நம்பர் சொல்லுங்க” என்பான், பின் நம்பர் அவனுக்கும் தெரிந்துவிடும். இன்னும் மோசம், ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கூகுளில் தேடுவது. தேடினால் கிடைக்கிற நம்பர்களில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவையும் உண்டு என்று காவல்துறையும் வங்கிகளும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. படத்தில் ‘வங்கியைத் தொடர்புகொள்ளவும்’ என்று சும்மா எழுதிவிட்டுப் போனால், எப்படித் தொடர்புகொள்வது என்பதை அந்த மோசடிக்காரன் எழுதிக்கொள்வான்.

சித்தி ஒரு திங்கட்கிழமை பூ எடுத்துவிட்டு வங்கிக்குப் போனார், படிவம் கொடுத்தார், சில நாளில் நம்பர் மாறிவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. அடுத்த ஞாயிறு கணக்கு பட்டியலில் வந்தது. தன் பெயரைத் திரையில் பார்த்ததும் “இந்தா, நான் இருக்கேன்ல” என்றார்.

மூன்றாவது குழி டெபிட் கார்டு.

ஜன் தன் கணக்கோடு வந்த ரூபே கார்டை சித்தி வந்த உறையிலேயே பீரோவில் வைத்திருந்தார். ஏடிஎம்மில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அப்படி உயிர்ப்பிக்கப்படாத கார்டுக்கும் யுபிஐயில் AJ என்று ஒரு குறியீடு இருக்கிறது. கடைசி ஆறு எண் சரி, தேதி சரி, ஆனாலும் வங்கி மறுக்கும். தேதியே முடிந்துபோன கார்டாகவும் இருக்கலாம். கார்டுக்குப் பதில் ஆதார் ஓடிபி வழியாகவும் பின் வைக்கலாம், வங்கி அனுமதித்தால். அதற்கு ஆதாரில் இருக்கும் நம்பரும் வங்கியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். சித்தி வங்கியில் மட்டும் நம்பரை மாற்றியிருந்தார், ஆதாரில் இன்னும் மகன் நம்பர்தான். ஒரு குழியை மூடினால் பக்கத்தில் இன்னொன்று.

இந்தக் கட்டத்தில் அம்புகளின் தன்மையே மாறிவிடுகிறது. இதற்கு முன்னால் மீண்டும் முயற்சித்தால் அதிகபட்சம் நேரமும் ஒன்றரை ரூபாயும் போகும். இங்கே மீண்டும் முயற்சிப்பதே கேடு. கார்டு விவரத்தையோ ஓடிபியையோ தொடர்ந்து தவறாகப் போட்டால் வங்கி கொஞ்ச நேரத்துக்குப் பதிவையே நிறுத்திவைக்கும். பின் வைத்த பிறகும் இதே கதைதான். தவறான பின்னுக்கு ZM, தொடர்ந்து தவறாகப் போட்டு வரம்பு தாண்டிவிட்டால் Z6. அதன் பிறகு சரியான பின்னைப் போட்டாலும் பூட்டு திறக்காது, காத்திருக்க வேண்டும் அல்லது பின்னை மாற்ற வேண்டும். எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று செயலிக்குத் தெரியாது, அது வங்கியின் கணக்கு. பின் போடும் பக்கமே செயலியுடையதல்ல. நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் தந்த பொதுப் பக்கம் அது, நீங்கள் என்ன போட்டீர்கள் என்பதைச் செயலி பார்க்கவே முடியாது.

அதனால் என் படத்தில் மறுமுயற்சி அம்புகளுக்கு மூன்று நிறம் கொடுத்தேன். பச்சை என்றால் மீண்டும் முயற்சிப்பதில் ஒன்றும் இழப்பில்லை, நெட்வொர்க் விட்டு விட்டு வருவது மாதிரி. மஞ்சள் என்றால் ஏதாவது ஒன்றை மாற்றிய பிறகுதான் முயற்சிக்க வேண்டும். சிம்மை, வங்கியை, பேலன்ஸை, அனுமதியை. எதை என்று அம்பின் மேல் எழுதியிருக்க வேண்டும். சிவப்பு என்றால் முயற்சிக்காதே, முயற்சித்தால் பூட்டிக்கொள்ளும். அங்கே பொத்தானையே எடுத்துவிட்டு, எப்போது திறக்கும் அல்லது எங்கே போக வேண்டும் என்பதைப் போட வேண்டும். வரைந்து முடித்துப் பார்த்தால் பச்சை இரண்டே இரண்டு இடத்தில்தான் இருந்தது.

கார்டுக்காக சித்தி இன்னொரு தடவை வங்கிக்கு நடக்க வேண்டுமா என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவருக்கு யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். வாங்கினால் போதும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் மட்டும். நம்பர் உறுதியாகி, கணக்கு இணைந்த அந்த நிமிடமே க்யூஆர் தயார். ஒன்பது கட்டப் படத்தில் அவருடைய முடிவு ஐந்தாவது கட்டத்திலேயே வந்துவிட்டது. மிச்சம் இருக்கிற கார்டு, ஓடிபி, பின் எல்லாம் அவர் தாண்ட வேண்டிய அவசியமில்லாத வேலி.

எனவே கணக்குப் பட்டியலுக்குப் பிறகு ஒரு புதிய சாய்சதுரம் போட்டேன்: ‘இப்போது பணம் பெற மட்டுமா, அனுப்பவுமா?’ பெற மட்டும் என்றால் நேராக க்யூஆர் திரை, அதன் கீழே சின்னதாக ‘பின் பிறகு வைத்துக்கொள்ளலாம்’. அதற்கும் கீழே இன்னொரு வரி: ‘பணம் பெற பின் கேட்டால் அது மோசடி.’ இதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் செயலியில் வேறு கிடையாது. பின் இல்லாமலேயே பணம் வருவதைத் தன் கண்ணால் பார்த்தவரிடம், “உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கேன், பின் போடுங்க” என்று போனில் சொல்லி ஏமாற்றுவது கஷ்டம்.

புது அட்டை வைத்த அன்றைக்கு முதலில் வந்தது நாற்பது ரூபாய். இரண்டு முழம் மல்லி. போன் அதிர்ந்தது, சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாங்கியவர் போய்ப் பத்து நிமிஷம் ஆகியும் அந்தத் திரையை மூடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். “ஏம்மா, ரெண்டு நாளா எதுவும் வரலையே, உடம்பு சரியில்லையா? கடைக்குப் போகலையா?” என்று கேட்டான். இருபது இருபதாக, நாற்பது நாற்பதாக அவன் போனில் விழுந்துகொண்டிருந்த பூக்காசுதான் அம்மா எழுந்து, குளித்து, கடை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நாள் முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது என் படத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

“நல்லாத்தான்டா இருக்கேன். இனிமே நீ என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா போன் போட்டுக் கேளு” என்றார் சித்தி.